எடை மேடை வரிசை: சராசரியோடு வேரியன்ஸையும் சேர்த்துக் கணக்கிடுவது

கேள்வி: கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில், செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குலை ஏற்றி வரும் லாரிகளுக்கு ஒரே எடை மேடைதான் (காலி எடைக்கு வேறு மேடை இருக்கிறது). மணிக்கு 12 லாரி வருகிறது, ஒரு லாரிக்குச் சராசரி 4 நிமிடம் பிடிக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்த சூத்திரத்தில் போட்டால் காத்திருக்கும் லாரி 3.2 என்று வருகிறது. கண்ணால் பார்ப்பது அதைவிட அதிகம். எடை போடும் நேரத்தின் சராசரியையும் வேரியன்ஸையும் வைத்துச் சரியாகக் கணக்கிடலாம் என்கிறார்கள். எப்படி?

பதில்:

அந்த 3.2 வந்த சூத்திரத்துக்குள் நீங்கள் சொல்லாத ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. எடை போடும் நேரம் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கிறது என்று அது தானாகவே வைத்துக்கொள்கிறது. அந்தப் பரவலில் திட்ட விலக்கமும் சராசரியும் எப்போதும் ஒன்றே. அதாவது, உங்கள் மேடையில் சராசரி 4 நிமிடம் என்றால் திட்ட விலக்கமும் 4 நிமிடம் என்று சூத்திரமே முடிவு செய்துவிடுகிறது. உங்கள் மேடை அப்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எடை போடும் நேரம் எந்த வடிவில் பரவியிருந்தாலும் பொருந்தும் சூத்திரம் இது:

```
Lq = (λ²σ² + ρ²) / (2(1 − ρ))
```

Lq என்பது மேடைக்கு வெளியே காத்திருக்கும் லாரிகளின் சராசரி எண்ணிக்கை. மேடைமேல் நிற்கும் லாரி இதில் சேராது. λ என்பது ஒரு நிமிடத்தில் வரும் லாரி. உங்களுக்கு 12/60 = 0.2. σ² என்பது எடை போடும் நேரத்தின் வேரியன்ஸ், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம். ρ என்பது மேடை வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு, λ-வைச் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது: 0.2 × 4 = 0.8. தொலைபேசி இணைப்பகங்களின் நெரிசலைக் கணக்கிட முயன்ற காலத்தில் பிறந்த சூத்திரம் இது. 1930-இல் பெலிக்ஸ் போலாசெக் கண்டார், 1932-இல் அலெக்சாந்தர் கின்சின் வேறு வழியில் நிறுவினார். அதனால் இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லாரிக்கும் துல்லியமாக 4 நிமிடம் மட்டுமே ஆனால் σ² சுழியம்; Lq = 0.64 / 0.4 = 1.6. திட்ட விலக்கம் 4 நிமிடம் என்றால் σ² = 16; Lq = (0.04 × 16 + 0.64) / 0.4 = 3.2. நீங்கள் படித்த சூத்திரம் கொடுத்த அதே விடை. திட்ட விலக்கம் 4-ஐத் தாண்டினால் விடையும் 3.2-ஐத் தாண்டும். லாரி வரத்து அதே, சராசரி நேரம் அதே, மேடை சும்மா இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு நேரமும் அதே. வரிசை மட்டும் மாறுகிறது. சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் விவாதித்தாலும் இது பிடிபடாது.

உங்கள் ரசீதுகளை நான் பார்க்கவில்லை. ஆலை வாசலில் வழக்கமாக நடப்பதை ஒட்டி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை அதே இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு லாரியில் தொண்ணூறு தோட்டத்து லாரிகள். சீட்டு ஒழுங்காக இருக்கும், வண்டி எண் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். ஏறி, எடை போட்டு, இறங்கச் சராசரி 2.5 நிமிடம், திட்ட விலக்கம் அரை நிமிடம். மீதிப் பத்து, சிறுதோட்டக்காரர்களிடம் குலை வாங்கிக்கொண்டு வரும் வியாபாரிகளின் லாரிகள். ஒரே லாரியில் பல பேருடைய குலை இருக்கும். ஒவ்வொருவர் உரிம எண்ணையும் தட்ட வேண்டும், ஒன்று பொருந்தாவிட்டால் அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும். அதுவரை லாரி மேடைமேலேயே நிற்கும். இவற்றுக்குச் சராசரி 17.5 நிமிடம், திட்ட விலக்கம் 6 நிமிடம் என்று வைப்போம்.

மொத்தச் சராசரி 0.9 × 2.5 + 0.1 × 17.5 = 4 நிமிடம். நீங்கள் சொன்ன அதே 4.

வேரியன்ஸைக் கணக்கிட, நேரத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுப்பதே சுலபமான வழி. ஒவ்வொரு வகைக்கும் சராசரியின் வர்க்கத்தோடு அந்த வகையின் வேரியன்ஸைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். தோட்டத்து லாரிக்கு 6.25 + 0.25 = 6.5. வியாபாரி லாரிக்கு 306.25 + 36 = 342.25. இரண்டையும் அவற்றின் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 5.85 + 34.225 = 40.075. இதிலிருந்து மொத்தச் சராசரியின் வர்க்கமான 16-ஐக் கழித்தால் வேரியன்ஸ் 24.075, திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.9 நிமிடம். இரண்டு வகைகளின் திட்ட விலக்கத்தையும் நேராகச் சராசரி எடுத்துவிடாதீர்கள். அப்படி எடுத்தால் ஒரு நிமிடம்தான் வரும். இரண்டு வகைகளுக்கும் இடையில் இருக்கும் 15 நிமிட இடைவெளி கணக்கிலேயே வராமல் போய்விடும்.

```
Lq = (0.04 × 24.075 + 0.64) / 0.4 = 4.0
Wq = Lq / λ = 4.0 / 0.2 = 20 நிமிடம்
```

சராசரியாக நான்கு லாரி வெளியே நிற்கும், ஒரு லாரி மேடை ஏறுவதற்கு முன் 20 நிமிடம் காத்திருக்கும். மேடைமேல் இருப்பதையும் சேர்த்தால் 4 + 0.8 = 4.8 லாரி. வரிசையின் நீளத்தை λ-வால் வகுத்தால் காத்திருப்பு நேரம் வருவது லிட்டில் விதி. வரிசை நிலையாக நடக்கும்வரை அதற்கு வேறு நிபந்தனை எதுவும் கிடையாது. பாலிடெக்னிக் சூத்திரம் சொன்ன காத்திருப்பு 16 நிமிடம்.

இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

ஒரு லாரி வாசலுக்கு வருகிறது. பத்தில் எட்டு முறை மேடைமேல் வேறொரு லாரி இருக்கும். அந்த லாரி இறங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? சராசரி 4 நிமிடம், நடுவில் வந்து சேர்கிறோம், ஆகவே 2 நிமிடம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது தவறு. வருகிற லாரி ரசீதுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பதில்லை, மேடையின் நேரத்துக்குள் வந்து விழுகிறது. மேடை வேலை செய்யும் நேரத்தில் வியாபாரி லாரிகளின் பங்கு 1.75 / 4, அதாவது 44 விழுக்காடு. எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுதான், ஆனால் நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே வரும் லாரி, நீண்ட வேலை ஒன்றின் நடுவில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு பெரிது.

மீதி நேரத்தின் சரியான சராசரி, நேரத்தின் வர்க்கச் சராசரியை இரு மடங்கு சராசரியால் வகுத்தால் வருவது: 40.075 / 8 = 5.01 நிமிடம். ஒரு முழு எடைக்கு ஆகும் சராசரி 4 நிமிடம். பாதியில் வந்து பார்த்தால் மிச்சமோ 5 நிமிடம். நம்பச் சிரமமாக இருந்தால் வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வேலையில் இருக்கும் மேடைமேல் தோட்டத்து லாரி இருந்தால் மிச்சம் 1.3 நிமிடம், அதற்கு வாய்ப்பு 56 விழுக்காடு. வியாபாரி லாரி இருந்தால் மிச்சம் 9.8 நிமிடம், வாய்ப்பு 44 விழுக்காடு. கூட்டினால் அதே 5.

இனி மீதியை முடிப்பது எளிது. புதிதாக வந்த லாரி காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: மேடைமேல் இருக்கும் லாரியின் மிச்ச நேரம், தனக்கு முன் நிற்கும் ஒவ்வொரு லாரிக்கும் ஆகும் முழு நேரம்.

```
Wq = ρ × 5.01 + Lq × 4
Lq = λ × Wq
ஆகவே  Wq = (0.8 × 5.01) / (1 − 0.8) = 20
```

வேரியன்ஸ் புகுந்தது அந்த மிச்ச நேரத்தின் வழியாக மட்டுமே. கீழே இருக்கும் 1 − ρ அதை ஐந்து மடங்காகப் பெருக்குகிறது. மேடைக்கு ஓய்வு குறையக் குறைய இந்தப் பெருக்கமும் கூடும். குலை மிகுதியாக வெட்டும் மாதங்களில் வரத்து மணிக்கு 13 லாரி ஆனால் Lq 4-லிருந்து 7-க்குப் போகும். 14 ஆனால் 16-ஐத் தாண்டும். ஒரு மணிக்கு இரண்டு லாரிதான் கூடியது, வரிசையோ நான்கு மடங்கு. 15-ஐத் தொட்டால் ρ = 1, சூத்திரத்துக்கு விடையே கிடையாது. அதையும் தாண்டி λ-வைப் போட்டால் கணினி குறை எண் ஒன்றைக் கொடுக்கும். அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

இப்போது, எதைத் திருத்துவது? ஆலை நிர்வாகத்திடம் பேச இந்த ஒப்பீடு உதவும்.

தோட்டத்து லாரிகளை 20 வினாடி வேகமாக அனுப்ப ஒரு வழி செய்கிறீர்கள் என்று வைப்போம், அச்சு இயந்திரத்தை மாற்றி. மொத்தச் சராசரி 4-லிருந்து 3.7 ஆகும். அதே 0.3 நிமிடத்தை வியாபாரி லாரிகளிடமிருந்தும் எடுக்கலாம்: 17.5 நிமிடத்தை 14.5 ஆக்கினால் போதும். இரண்டு வழியிலும் ρ = 0.74. முதல் வழியில் Lq = 2.98, காத்திருப்பு சுமார் 15 நிமிடம். இரண்டாம் வழியில் Lq = 2.34, சுமார் 12 நிமிடம். மிச்சப்படுத்திய சராசரி நேரம் சமமாக இருந்தாலும், நீண்ட வேலைகளிலிருந்து வெட்டினால் வரிசை கூடுதலாகக் குறைகிறது. வர்க்கம் எடுக்கும்போது பெரிய எண்கள்தான் கனக்கின்றன, அதனால்தான் இப்படி.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து லாரிகளின் ஏற்ற இறக்கத்தை முழுதாகவே ஒழித்து, ஒவ்வொன்றுக்கும் சரியாக 2.5 நிமிடம் ஆக்கினாலும் Lq 4.01-லிருந்து 3.99-க்குத்தான் வரும். ஏற்கெனவே சீராக நடக்கும் வேலையை மேலும் சீராக்குவதில் உழைப்பைக் கொட்ட வேண்டாம்.

என் கருத்தில் முதலில் செய்ய வேண்டியது, தாள் வேலையை மேடையிலிருந்து பிரிப்பதே. மேடைக்கு முன்னால் ஒதுங்கி நிற்க இடம் விட்டு, அங்கேயே ஒரு சன்னலில் வியாபாரி லாரிகளின் சீட்டுகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றிவிட்டால், மேடைமேல் அவற்றுக்கு 4 நிமிடம் (திட்ட விலக்கம் ஒரு நிமிடம்) போதும் என்று வைப்போம். மொத்தச் சராசரி 2.65, ρ = 0.53, வர்க்கச் சராசரி 5.85 + 1.7 = 7.55. Lq = 0.04 × 7.55 / 0.94 = 0.32. காத்திருப்பு ஒன்றரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். வியாபாரிகள் சன்னலில் ஒரு புதிய வரிசையில் நிற்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே மணிக்கு 1.2 லாரிதான் வரும், ஒவ்வொன்றுக்கும் 13.5 நிமிடம், திட்ட விலக்கம் 6 என்றால் ρ = 0.27, Lq = 0.06. அந்த வரிசை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சன்னலையும் மேடைக் கணினியையும் ஒரே கிராணி பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வரிசையில் நின்று பெற வேண்டியது மேடை அல்ல, கிராணியின் நேரம். அவர் சன்னலில் இருக்கும் 13 நிமிடமும் மேடைமேல் ஏறிய தோட்டத்து லாரி இறங்காது. வரிசை கிட்டத்தட்ட பழைய அளவிலேயே நிற்கும். கணக்குத் தொடங்கும் முன், லாரிகள் உண்மையில் எதற்காகக் காத்திருக்கின்றன என்பதை நின்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் சொந்த எண்களை எடுக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. எடை ரசீதில் ஒரே ஒரு நேரம்தான் அச்சாகும். அடுத்தடுத்த இரண்டு ரசீதுகளுக்கு இடையிலான நேரத்தை எடை போடும் நேரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. வெளியே வரிசை இருந்தால் அது சரி. வரிசை இல்லாமல் மேடை காலியாகக் கிடந்திருந்தால் அந்த இடைவெளியில் சும்மா இருந்த நேரமும் கலந்துவிடும். எல்லா இடைவெளியையும் அப்படியே எடுத்தால் சராசரி 5 நிமிடம் என்று வரும், மணிக்கு 12 லாரி என்பதையே திருப்பிச் சொல்வதுபோல. ρ = 1 என்று கணக்கு வந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். சரியான அளவு, முந்தைய லாரி மேடையை விட்டு விலகி, இந்த லாரி ஏறலாம் என்ற நொடியிலிருந்து, இந்த லாரி விலகி அடுத்தது ஏறலாம் என்ற நொடி வரை. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் இதில் அடக்கம். திரையில் எடை நின்ற நேரத்தை மட்டும் எடுத்தால் ஒரு லாரிக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ விட்டுப்போகும். 0.8-இல் இருக்கும் ρ-வுக்கு அது சிறிய பிழை அல்ல.

வாசலில் ஒருவர் கடிகாரத்தோடு இரண்டு மூன்று நாள் நின்று 400 லாரிக்குக் குறித்தால் நல்ல தொடக்கம். நிமிடத்தில் தசமமாக A2-லிருந்து A401 வரை இட்டால்:

```
B1: =AVERAGE(A2:A401)
B2: =VAR.S(A2:A401)
B3: =12/60
B4: =B3*B1
B5: =(B3^2*B2+B4^2)/(2*(1-B4))
B6: =B5/B3
```

B5 வரிசை நீளம், B6 காத்திருப்பு நிமிடம். அலகைக் கலந்துவிடாதீர்கள். λ மணிக்கும் எடை போடும் நேரம் நிமிடத்துக்கும் இருந்தால் ρ 1-ஐத் தாண்டி விடை குறை எண்ணாக வரும், அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் தப்புவது, வேரியன்ஸ் கேட்ட இடத்தில் திட்ட விலக்கத்தைப் போடுவதுதான். நம் எடுத்துக்காட்டில் 24-க்குப் பதில் 4.9 போட்டால் Lq 2.1 என்று, பார்க்க நியாயமான எண்ணாகவே வரும்.

விதிவிலக்கான எண்களை நீக்குவது அடுத்த சிக்கல். 30 நிமிடம் எடுத்த ஒரு லாரியைப் பார்த்து, இது வழக்கத்துக்கு மாறானது என்று அழித்துவிட்டால் நீங்கள் தேடும் காரணத்தையே அழித்துவிடுகிறீர்கள். அதே நேரம், ஓர் எண்ணே முடிவைப் புரட்டிப்போடவும் முடியும். 200 லாரிக்குள் ஒன்று 60 நிமிடம் என்றால், அது மட்டும் வர்க்கச் சராசரியில் 3600 / 200 = 18-ஐச் சேர்க்கிறது. நம் 40-இல் கிட்டத்தட்ட பாதி. ஆகவே அந்த எண்ணின் காரணத்தைத் தேடுங்கள். வியாபாரி ஒருவரின் தாள் சிக்கல் என்றால் அது எடை போடும் நேரமே, இருக்கட்டும். மின்சாரம் போய் மேடை நின்றது என்றால் அது வேறு நிகழ்வு, தனியாக எழுதி வையுங்கள். பிறகு அந்த எண்ணோடு ஒரு முறையும் அது இல்லாமல் ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டு விடையையும் சேர்த்தே மேலாளரிடம் கொடுங்கள். ஒற்றை எண்ணைவிட அந்த இரண்டு எண்களே நேர்மையானவை.

இனி, சூத்திரம் எதை நம்பி நிற்கிறது என்று பார்ப்போம். லாரிகள் ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் வர வேண்டும். பாய்சான் வருகை என்பார்கள். மிச்ச நேரத்தைக் கணக்கிட்டபோது லாரி எந்த நொடியிலும் சமமாக வரலாம் என்று எடுத்துக்கொண்டது இதனால்தான். பல டிவிஷன்களிலிருந்தும் பல வியாபாரிகளிடமிருந்தும் தனித்தனியாக வரும் லாரிகள் இதற்கு ஓரளவு ஒத்துப்போகும். ஒரே டிவிஷனில் குலை ஏற்றிக்கொண்டு நான்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால் ஒத்துப்போகாது. சோதிக்க, ஒரு மணியை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் வந்த லாரிகளை எண்ணுங்கள். உங்கள் வரத்துக்குச் சராசரி 2 வரும். அந்த எண்ணிக்கையின் வேரியன்ஸும் 2-ஐ ஒட்டி இருந்தால் சூத்திரத்தை நம்பலாம். 4 என்று வந்தால் லாரிகள் கூட்டமாக வருகின்றன.

அப்படியானால் 1961-இல் ஜான் கிங்மன் தந்த கணக்கை ஒட்டிய தோராய வடிவம் உதவும்:

```
Lq ≈ ((Ca² + Cs²) / 2) × ρ² / (1 − ρ)
```

Cs² என்பது எடை போடும் நேரத்தின் வேரியன்ஸைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தது; நமக்கு 24 / 16 = 1.5. Ca² வருகைகளுக்கு இடையிலான நேரத்துக்கு அதே அளவு. பாய்சான் என்றால் Ca² = 1, விடை மேலே கண்ட 4. உங்கள் 10 நிமிட எண்ணிக்கையின் வேரியன்ஸ், சராசரியைப் போல் இரு மடங்கு என்றால் Ca²-ஐ ஏறத்தாழ 2 என்று கொள்ளலாம்; Lq = 1.75 × 3.2 = 5.6. அதாவது லாரிகளைப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் கிளப்பச் சொல்லி மண்டோர்களிடம் பேசுவதும், மேடையில் வேலையைத் திருத்துவதும் ஒரே சூத்திரத்தின் இரு பக்கங்கள்.

அந்த மாறாத வீதம் என்ற நிபந்தனையும் ஆலை வாசலில் அடிக்கடி உடையும். காலையில் மேடை வெறிச்சோடியிருக்கும், பிற்பகலில் லாரிகள் குவியும். நாள் முழுவதுக்கும் சேர்த்து λ எடுத்தால் காலையின் ஓய்வு பிற்பகலின் நெரிசலை மறைத்துவிடும். ஆகவே நெரிசல் நேரத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. Lq என்பது வரிசை நிலைகொண்டபின் வரும் சராசரி. காலி மேடையில் தொடங்கி அந்த நிலையை எட்ட ஆகும் நேரத்தின் அளவு, λ × வர்க்கச் சராசரி / (1 − ρ)². நமக்கு 8 / 0.04 = 200 நிமிடம், மூன்று மணிக்கு மேல். நெரிசல் இரண்டு மணி நேரம்தான் நீடிக்கிறது என்றால் வரிசை 4-ஐ எட்டும் முன்பே வரத்து தணிந்துவிடலாம். மாறாக, அந்த இரண்டு மணியில் மணிக்கு 18 லாரி வந்தால் ρ 1-ஐத் தாண்டிவிடும். இந்தச் சூத்திரத்தை ஓரம் வைத்துவிட்டு வெறும் கழித்தல் போடுங்கள். மேடை மணிக்கு 15 லாரியை அனுப்பும், மீதி 3 சேரும், இரண்டு மணியில் 6 லாரி. அந்த நேரத்தில் வேரியன்ஸைக் குறைப்பதால் பெரிய பயன் இல்லை, வரத்தை நாளெங்கும் பரப்புவதுதான் வழி.

ஓட்டுநர்கள் முறை வைத்து ஏற வேண்டும் என்பது கண்டிப்பல்ல. யாருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்காமல் வரிசையைக் கலைத்தாலும் சராசரி மாறாது. தோட்டத்து லாரிகளை முன்னால் விட்டால் மாறும், மொத்த வரிசை குறையும். ஆனால் பத்து வியாபாரிகளின் காத்திருப்பு நீளும். அவர்கள் வேறு ஆலையைத் தேடிப் போகலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, சாலை வரை வரிசை போகாமல் இருக்க எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று கேட்பார்கள். அதற்கு Lq = 4-ஐ எடுத்து நான்கு லாரிக்கு இடம் விட்டால் நிச்சயம் போதாது. அந்த 4, வரிசையே இல்லாத நேரங்களையும் சேர்த்து எடுத்த சராசரி. பத்துக்கு இரண்டு லாரி நேராக மேடை ஏறிவிடுகிறது. சராசரியும் வேரியன்ஸும் சராசரி வரிசையை மட்டுமே துல்லியமாகத் தரும். காத்திருப்பு எவ்வளவு சிதறும் என்று அறிய நேரத்தின் முப்படிச் சராசரி வேண்டும். ρ 0.8 போல உயர்ந்திருக்கும்போது ஒரு தோராயம் கைகொடுக்கும்: காத்திருப்பு t நிமிடத்தைத் தாண்டும் வாய்ப்பு, ஏறத்தாழ

```
ρ × EXP(−ρ × t / Wq)
```

t = 60, Wq = 20 என்று போட்டால் 0.8 × EXP(−2.4) = 0.07. பதினான்கு லாரிக்கு ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். அந்த ஒரு மணிக்குள் அதன் பின்னால் 12 லாரி வந்து சேர்ந்திருக்கும். இட ஒதுக்கீட்டை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.